நாளை ஒப்படைக்க வேண்டும், ஆறு கடைகள் கணக்கில் இல்லை

வாசகர் கடிதம்

ஐயா, நான் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் உணவியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஒரு கிளாஸ் தே தாரேக்கில் எவ்வளவு சீனி சேருகிறது என்று தீவில் 30 கடைகளிலும் செபராங் பிறையில் 30 கடைகளிலும் கெட்டிப்பாலையும் சீனியையும் நிறுத்துக் கணக்கிட்டேன். தீவில் சராசரி 17.0 கிராம், செபராங் பிறையில் 19.6 கிராம், பி-மதிப்பு 0.015 என்று வந்தது.

இன்று மதியம்தான், தீவின் சராசரிக்கான சூத்திரம் `=AVERAGE(Pulau!D2:D25)` என்று நிற்பதைப் பார்த்தேன். முதலில் எடுத்த 24 கடைகளும் ஜார்ஜ்டவுனில் இருப்பவை. மேற்பார்வையாளர் சொன்ன பிறகு பாயான் லெப்பாஸில் எடுத்த 6 கடைகள் 26 முதல் 31 வரையான வரிசைகளில் இருக்கின்றன. அவை கணக்கில் சேரவே இல்லை. சேர்த்தால் சராசரி 17.8, பி-மதிப்பு 0.08.

நாளை மாலை 5 மணிக்கு ஒப்படைக்க வேண்டும். டி-சோதனையில் 2 என்பதை 1 ஆக்கினால் 0.04 வந்துவிடும் என்கிறாள் தோழி. அந்த ஆறு கடைகளை நீக்கிவிட்டு 24 என்றே எழுதிவிடலாமா? வேண்டுமென்று செய்யாத தவறுதானே, பேசாமல் ஒப்படைத்தால் குற்றமா? போன மாதம் ஆய்வுச் சுவரொட்டியிலும் 0.015 என்றே போட்டுக் காட்டியிருக்கிறேன், மேற்பார்வையாளரும் அதைப் பார்த்துப் பாராட்டினார். இப்போது திருத்தினால் ஆய்வே தோல்வி என்று ஆகிவிடாதா?

— பெயர் வெளியிட விரும்பாத மாணவி, பினாங்கு

பதில்

அன்புள்ள மாணவிக்கு,

இது உங்கள் கடிதம் வந்த அன்று மாலையே உங்களுக்கு அனுப்பிய பதில். இதே நிலையில் வேறு மாணவர்களும் இருக்கக்கூடும் என்பதால், உங்கள் அனுமதியுடன் இங்கே வெளியிடுகிறேன். நான் பல ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவன். இறுதியாண்டு ஆய்வேடுகளை மேற்பார்த்தும் மதிப்பிட்டும் இருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு கடைகளையும் சேர்த்து, 17.8 என்றும் 0.08 என்றும் திருத்தி, மேற்பார்வையாளருக்கு இன்றிரவே எழுதித் தெரிவித்துவிட்டு, நாளை நேரத்துக்குள் ஒப்படையுங்கள். உங்கள் கையில் ஏறக்குறைய ஒரு நாள் இருக்கிறது. சரியான வரிசையில் செய்தால் இது ஐந்தாறு மணி நேர வேலை.

பிழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

ஆய்வேட்டில் ஒரு எழுத்தைக்கூடத் தொடுவதற்கு முன், இப்போதுள்ள எக்செல் கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து, `asal` என்று பெயரிட்டுத் தனியே வைத்துவிடுங்கள். அதில் எதையும் மாற்றக் கூடாது. பிழை எப்படி நேர்ந்தது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு அந்தக் கோப்பு வேண்டும். பதற்றத்தில் மூலக்கோப்பின் மேலேயே திருத்திச் சேமித்துவிட்டு, பிறகு எது பழையது எது புதியது என்று தெரியாமல் தவித்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பிழை எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், வேறு எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். எக்செலில் ஒரு சூத்திரம் எடுத்துக்கொள்ளும் வரிசைகளுக்கு நடுவே புதிய வரிசையைச் செருகினால், சூத்திரம் தானாகவே நீண்டுகொள்ளும். கடைசி வரிசைக்குக் கீழே புதிய எண்களைத் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் நீளாது. நீங்கள் 24 கடைகளை முடித்து, சூத்திரமும் போட்டுவிட்டு, பிறகு ஆறு கடைகளைக் கீழே சேர்த்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் எண்களைச் சூத்திரம் விட்டுவிட்டால் எச்சரிக்கும் சிறிய பச்சை முக்கோணம் எக்செலில் உண்டு. ஆனால் அது சூத்திரம் இருக்கும் கட்டத்துக்கு அருகில் உள்ள எண்களைத்தான் பார்க்கும். உங்கள் சராசரி வேறொரு தாளில் இருக்கிறது, அதனால் எச்சரிக்கை வரவில்லை.

அப்படியானால், அந்த 24 கடைகளை வைத்துப் போட்ட எல்லாச் சூத்திரங்களுமே சந்தேகத்துக்குரியவை. சராசரியை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியடையாதீர்கள். திட்ட விலக்கம், குறைந்த அளவு, அதிக அளவு, வரைபடத்தின் தரவுப் பகுதி, டி-சோதனை ஆகிய ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். கட்டத்தில் நின்று F2 விசையை அழுத்தினால், எண்கள் அதே தாளில் இருக்கும்போது சூத்திரத்திலுள்ள பகுதி நிறத்தோடு தெரியும்; எண்கள் வேறு தாளில் இருந்தால், சூத்திரத்தில் எழுதியிருக்கும் வரிசை எண்களைப் படித்துப் பாருங்கள். தீவுத் தாளிலேயே ஒரு காலிக் கட்டத்தில் `=AVERAGE(D2:D25)` என்று போட்டு F2 அழுத்திப் பாருங்கள்: நிறக் கோடு 25-ஆம் வரிசையில் நின்றுவிடும், பாயான் லெப்பாஸ் கடைகள் ஆறும் கோட்டுக்கு வெளியே வரிசையாக நிற்கும். இந்த ஒரு காட்சியைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொண்டால், மேற்பார்வையாளருக்கு விளக்க அதுவே போதும்.

பிறகு ஒவ்வொரு சராசரிக்கும் பக்கத்தில், அது எத்தனை எண்களை எடுத்துக்கொண்டது என்பதையும் எண்ணச் சொல்லுங்கள்.

```
=COUNT(Pulau!D2:D31)
=COUNT(Seberang!D2:D31)
```

இரண்டிலும் 30 வர வேண்டும். 29 என்று வந்தால், ஏதோ ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, அல்லது அதில் எண் எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது என்று பொருள். அவசரத்தில் `21.5 g` என்று அலகையும் சேர்த்துத் தட்டியிருப்பீர்கள். அப்படிப்பட்ட கட்டத்தை AVERAGE ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும். செபராங் பிறைத் தாள் சரியாக இருக்கிறது என்று நீங்கள் நம்புவது தெரிகிறது, ஆனால் அதை நீங்கள் எண்ணிப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அதையும் எண்ணிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனையைக் கணிப்பானில் கையாலேயே போட்டுப் பாருங்கள். 24 கடைகளின் சராசரி 17.0 என்றால், அவற்றின் கூட்டுத்தொகை 408 கிராம். 30 கடைகளின் சராசரி 17.8 என்றால், கூட்டுத்தொகை 534 கிராம். வித்தியாசம் 126 கிராம். அதை ஆறால் வகுத்தால் 21.0. ஆக, பாயான் லெப்பாஸ் கடைகளின் சராசரி 21 கிராமுக்கு அருகில் இருக்க வேண்டும். அந்த ஆறு எண்களையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். ஒத்துவந்தால், பிழை முழுவதும் அந்த ஆறு வரிசைகளில்தான் இருக்கிறது. ஒத்துவராவிட்டால் வேறொரு பிழையும் ஒளிந்திருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்கும்வரை எழுத்து வேலையைத் தொடங்காதீர்கள்.

நீங்கள் நினைத்துப் பார்க்கும் மூன்று வழிகள்

பேசாமல் ஒப்படைப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "வேண்டுமென்று செய்யாத தவறு" என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்றுவரை அது உண்மை. ஆய்வு நேர்மையைப் பற்றிய விதிகள் பொதுவாகவே இந்த வேறுபாட்டை மதிக்கின்றன. அமெரிக்க அரசின் விதிகளில், நேர்மையாக நேர்ந்த பிழை முறைகேட்டில் சேராது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதே விதிகள், ஆய்வு நடந்ததை உள்ளபடி காட்டாதவாறு தரவுகளை மாற்றுவதையும் விட்டுவிடுவதையும் திரிபு என்கின்றன. உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிகள்தான், அவற்றை ஆய்வேட்டுக் கையேட்டில் பாருங்கள். ஆனால் எந்த விதியின்படி பார்த்தாலும், பிழை நேர்ந்த நாளும் அது உங்களுக்குத் தெரியவந்த நாளும் ஒன்றல்ல. இன்று மதியத்துக்குப் பிறகு 17.0 என்று கையெழுத்திட்டு ஒப்படைத்தால், "தெரியாது" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. ஒப்படைக்கும்போது கையெழுத்திடும் உறுதிமொழிப் பக்கத்தை இன்றிரவு ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

கண்டுபிடிக்கப்பட மாட்டாது என்ற எண்ணமும் தவறானது. பின்னிணைப்பில் 60 கடைகளின் எண்களையும் அட்டவணையாகக் கொடுத்திருப்பீர்கள். மதிப்பீட்டாளர் ஒருவர் அதிலிருந்து தீவின் 30 எண்களைக் கூட்டி வகுத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நானும் அப்படிப் பார்த்ததுண்டு.

இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2010-இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள், அரசுக் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடுகிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல நாடுகளில் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் அதை எடுத்துக்காட்டினார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் படித்துவந்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அதே முடிவு வரவில்லை. அவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தபோது, சராசரிச் சூத்திரம் 30-ஆம் வரிசையில் தொடங்கி 44-ஆம் வரிசையோடு நின்றிருந்தது. தரவு 49 வரை இருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கில் இல்லை. உங்கள் பிழையும் இதே வகைதான். 2013-இல் ஹெர்ண்டனும் அவருடைய இரு பேராசிரியர்களும் இதை வெளியிட்டார்கள். சூத்திரப் பிழையை அந்தப் பொருளியலாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இந்தக் கதையை "எக்செல் பிழை" என்று மட்டுமே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டிய பகுதி வேறு. ஹெர்ண்டன் குழுவின் கணக்கில், அதிகக் கடன் கொண்ட நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 விழுக்காட்டிலிருந்து 2.2 விழுக்காடாக மாறியது. அந்த மாற்றத்தில் விடுபட்ட ஐந்து வரிசைகளின் பங்கு சிறிதுதான். பெரும்பங்கு, சில நாடுகளின் சில ஆண்டுகளைச் சேர்க்காததாலும் நாடுகளுக்கு எடை கொடுத்த முறையாலும் வந்தது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று மனிதர் எடுக்கும் முடிவு, சூத்திரப் பிழையைவிட முடிவை அதிகம் புரட்டக்கூடியது.

நீங்கள் கேட்கும் இரண்டாவது வழி, அதாவது ஆறு கடைகளை நீக்குவது, அப்படிப்பட்ட முடிவுதான். ஜார்ஜ்டவுன் மட்டுமே தீவு ஆகாது என்பதால்தான் பாயான் லெப்பாஸைச் சேர்க்கச் சொல்லியிருப்பார் உங்கள் மேற்பார்வையாளர் என்று நினைக்கிறேன். அங்கே தொழிற்சாலைகள் இருக்கின்றன, வேலைமுறை மாறும் நேரத்தில் கடைக்கு வருபவர்கள் வேறு. அங்கே தேநீர் கூடுதல் இனிப்பாக இருக்கிறது என்று உங்கள் எண்களே காட்டுகின்றன. எண்கள் வந்த பிறகு, பிடிக்காத முடிவைத் தருபவை என்பதற்காக அவற்றை நீக்கினால், அது தரவைத் தேர்ந்தெடுத்துக் காட்டுவதாகும். அளவு எடுத்த நாளே ஒரு கடையில் தராசு பழுதாக இருந்தது போன்ற காரணம் உங்கள் குறிப்பேட்டில் எழுதியிருந்தால், அந்த ஒரு கடையை நீக்கலாம். அதையும் ஆய்வேட்டில் சொல்லிவிட்டுத்தான் நீக்க வேண்டும். ஆறுக்கும் சேர்த்து அப்படி ஒரு காரணம் உங்களிடம் இல்லை.

மூன்றாவது, தோழி சொன்ன வழி. அவர் மனத்தில் வைத்திருக்கும் சூத்திரம் இதுதான்:

```
=T.TEST(Pulau!D2:D31,Seberang!D2:D31,2,3)
```

கடைசியில் இருக்கும் 3, இரு குழுக்களின் பரவல் சமமாக இருக்க வேண்டியதில்லை என்பதைக் குறிக்கிறது. அதற்கு முன் இருக்கும் 2, வித்தியாசம் எந்தப் பக்கமாக இருந்தாலும் கணக்கில் கொள்ளும் இருமுனைச் சோதனை. அதை 1 ஆக்கினால் ஒருமுனைச் சோதனையாகி, பி-மதிப்பு சரிபாதியாகும். 0.08 என்பது 0.04 ஆகி, வழக்கமாக வைக்கும் 0.05 என்ற வரம்புக்குக் கீழே வந்துவிடும். எண்கணிதத்தில் தவறில்லை. ஆனால் செபராங் பிறையில்தான் சீனி அதிகம், தீவில் அதிகமாக இருக்க வாய்ப்பே இல்லை அல்லது அது தனக்குத் தேவையில்லை என்று அளவு எடுக்கும் முன்பே எழுதிவைத்தவருக்குத்தான் ஒருமுனைச் சோதனை பொருந்தும். உங்கள் ஆய்வு முன்மொழிவை எடுத்துப் பாருங்கள். "வித்தியாசம் உள்ளதா" என்று கேட்டிருந்தால் இருமுனைதான். முடிவைப் பார்த்த பிறகு எண்ணை மாற்றுவதை எந்தப் புள்ளியியலாளரும் ஏற்கமாட்டார். வாய்மொழித் தேர்வில் "ஏன் ஒருமுனை?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

ஒரு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி எண் 1 ஆக, அதாவது ஒரே கடையை இருமுறை அளக்கும் இணைச் சோதனையாக இருந்திருந்தால், 24-க்கும் 30-க்கும் பொருந்தாமல் எக்செல் `#N/A` என்று காட்டியிருக்கும். பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும். உங்கள் சோதனைக்கு இரு குழுக்களும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை, ஆகவே அது ஒரு விடையைத் தந்துவிட்டது. விடை வந்தாலே சூத்திரம் சரி என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

0.08 தோல்வி அல்ல

உங்கள் கடிதத்தில் நான் மிகவும் திருத்த விரும்பும் எண்ணம் இது. 0.015 என்றால் வித்தியாசம் உண்டு, 0.08 என்றால் வித்தியாசம் இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த எண்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், சராசரிகளின் வித்தியாசத்துக்கான திட்டப்பிழை சுமார் 1 கிராம் வருகிறது. அதன்படி பழைய கணக்கில் வித்தியாசம் 2.6 கிராம், அதன் 95 விழுக்காட்டு நம்பக எல்லை ஏறக்குறைய 0.5 முதல் 4.7 கிராம்வரை. புதிய கணக்கில் வித்தியாசம் 1.8 கிராம், எல்லை ஏறக்குறைய மைனஸ் 0.2 முதல் 3.8 கிராம்வரை. உங்கள் திட்ட விலக்கங்களை வைத்து இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எல்லைகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கவனியுங்கள். புதிய எல்லை பூச்சியத்தைச் சற்றே தாண்டி மைனஸுக்குப் போவதுதான் பி-மதிப்பு 0.05-ஐத் தாண்டியதற்குக் காரணம். இந்தத் தரவு சொல்வது இவ்வளவுதான்: செபராங் பிறையில் சீனி சற்று அதிகமாக இருக்கலாம், வித்தியாசம் கிட்டத்தட்ட 4 கிராம்வரை இருக்கக்கூடும், வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம், இதைத் தீர்மானிக்க 30 கடைகள் போதவில்லை. இதை எழுதினால் நல்ல ஆய்வேடுதான். இறுதியாண்டு மாணவியின் மதிப்பெண்ணில் பெரும்பங்கு, அளவெடுத்த முறைக்கும் பகுப்பாய்வின் ஒழுங்குக்கும் விவாதத்துக்கும்தான், பி-மதிப்பு 0.05-க்குக் கீழே விழுந்ததற்காக மதிப்பெண் போடும் அட்டவணையை நான் கண்டதில்லை.

பாயான் லெப்பாஸ் கடைகளின் 21 கிராமையும் வீணாக்காதீர்கள். தீவுக்குள்ளேயே ஜார்ஜ்டவுனுக்கும் பாயான் லெப்பாஸுக்கும் 4 கிராம் இடைவெளி இருக்கிறது. தீவுக்கும் செபராங் பிறைக்கும் உள்ள இடைவெளியைவிட அது பெரிது. ஆறு கடைகளை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, அதற்குச் சோதனையும் போட வேண்டாம். ஆனால் "தீவு, பெருநிலம் என்று பிரிப்பதைவிட, கடை இருக்கும் வட்டாரத்தைப் பார்ப்பது பயன் தரலாம்" என்று விவாதத்தில் ஒரு பத்தி எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த ஆறு வரிசைகளை நீக்கியிருந்தால் இந்தப் பத்தியும் போயிருக்கும்.

ஆய்வேட்டில் எங்கெல்லாம் மாறும்

எண்கள் முடிந்த பிறகுதான் எழுத்து. ஆய்வேட்டுக் கோப்பில் `17.0`, `2.6`, `0.015` ஆகிய மூன்றையும் தேடுதல் வசதியில் ஒவ்வொன்றாகப் போட்டு, வரும் இடங்களையெல்லாம் ஒரு தாளில் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். மொத்தமாக மாற்றும் வசதியைப் பயன்படுத்தாதீர்கள்; வேறொரு கடையின் 17.0-உம் சேர்ந்து மாறிவிடும். அடுத்து `signifikan`, `significant` என்ற சொற்களைத் தேடுங்கள். எண்களைவிடச் சொற்கள்தான் அதிகம் தப்பிவிடும். முடிவுரையில் எண் இல்லாமல் "குறிப்பிடத்தக்க வித்தியாசம் உள்ளது" என்று எழுதிய ஒரு வாக்கியம், திருத்திய அட்டவணையோடு முரண்பட்டு நிற்கும்.

ஆய்வுச் சுருக்கம் உங்கள் ஆய்வேட்டில் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தால், இரண்டையும் திருத்துங்கள். அவசரத்தில் ஒரு மொழியில் மட்டும் திருத்திவிட்டுப் போன ஆய்வேடுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. வரைபடத்தைப் படமாக ஒட்டியிருந்தால், எக்செலில் எண் மாறினாலும் அது மாறாது. புதிதாக எடுத்து ஒட்டவேண்டும். பரிந்துரைப் பகுதியில், வித்தியாசம் உறுதி என்ற நம்பிக்கையில் செபராங் பிறைக் கடைகளுக்கு மட்டும் ஏதாவது பரிந்துரைத்திருந்தால், அதையும் தணித்து எழுதுங்கள்.

இன்றிரவு தாளின் அமைப்பையே மாற்றிச் சீர்செய்யத் தோன்றும். வேண்டாம். தரவை `Ctrl+T` கொண்டு அட்டவணையாக்கினால் கீழே சேர்க்கும் வரிசைகள் தாமாகவே கணக்கில் சேரும் என்பது உண்மைதான். அடுத்த ஆய்வைத் தொடங்கும் நாளில் அதைச் செய்யுங்கள். ஒப்படைக்கும் முந்தைய இரவில் புதிய அமைப்பு புதிய பிழைகளையே கொண்டுவரும்.

மேற்பார்வையாளரிடம் சொல்வது

எக்செல் வேலை முடிந்தவுடன், எழுத்து வேலையைத் தொடங்கும் முன் அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரு கணக்கின் எண்களும் கையில் இல்லாமல் "ஒரு பிழை கண்டுபிடித்தேன், என்ன செய்வது" என்று மட்டும் எழுதினால், அவர் உங்களைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அதில் இரவு போய்விடும். எழுதும் மொழி உங்களுக்குள் வழக்கமானதாக இருக்கட்டும். பொருள் இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, இன்று பகுப்பாய்வைச் சரிபார்த்தபோது, தீவின் சராசரிச் சூத்திரம் பிற்பாடு சேர்த்த 6 கடைகளை விட்டிருப்பதைக் கண்டேன். 30 கடைகளையும் சேர்த்தால் சராசரி 17.0-இலிருந்து 17.8 ஆகவும், பி-மதிப்பு 0.015-இலிருந்து 0.08 ஆகவும் மாறுகின்றன. முடிவு புள்ளியியல் முக்கியத்துவத்தை இழக்கிறது. மற்ற எல்லாச் சூத்திரங்களையும் எண்ணிச் சரிபார்த்துவிட்டேன். ஆய்வேட்டைத் திருத்திவருகிறேன், நாளை 5 மணிக்குள் திருத்திய பிரதியை ஒப்படைக்க எண்ணியிருக்கிறேன். போன மாதச் சுவரொட்டியில் பழைய எண் இருக்கிறது. அதை எப்படித் திருத்துவது என்று தாங்கள் சொல்ல வேண்டும். பழைய கோப்பும் புதிய கோப்பும் இணைப்பில் உள்ளன."

சுவரொட்டியைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். ஆய்வேட்டில் இருந்த பிழை ஒப்படைக்கும் முன் திருத்தப்படுவதால், அதைப் பற்றி ஆய்வேட்டுக்குள் விளக்கம் எழுதவேண்டிய தேவை பொதுவாக இல்லை. வரைவில் திருத்துவது வழக்கமான வேலைதான். ஆனால் சுவரொட்டி பலர் பார்த்துவிட்டது, அதில் அவருடைய பெயரும் இருக்கக்கூடும். வேறொரு நாள் வேறொருவர் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது அவர் திகைக்கும்படி விடக் கூடாது.

அவர் பாராட்டியது 0.015-ஐப் பார்த்துத்தான் என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒப்படைக்கும் முந்தைய இரவில் இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் முதலில் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும், கொஞ்சம் கோபம்கூட வரலாம். வரைவைப் படித்தபோது நானும் கவனிக்கவில்லையே என்ற சங்கடமும் அதில் கலந்திருக்கும். அந்தக் கோபத்தை உங்கள்மேல் உள்ள தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அரிதாக, "இப்போதைக்குப் பழையதையே ஒப்படை, பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று சிலர் தொலைபேசியில் சொல்வதும் உண்டு. அப்படிச் சொன்னால் வாதாட வேண்டாம். "தவறு என்று தெரிந்த எண்ணில் கையெழுத்திட எனக்குத் தயக்கமாக இருக்கிறது, திருத்திய பிரதியையே ஒப்படைக்கிறேன் ஐயா" என்று பணிவாகச் சொல்லி, அதையே மின்னஞ்சலிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். உறுதிமொழிப் பக்கத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

எண்ணிப் பார்க்கும்போது வேறொரு பெரிய பிழை வெளிப்பட்டு, நேரம் போதாது என்று தோன்றினால், கால நீட்டிப்பு கேளுங்கள். அதை 5 மணிக்கு முன்பே, காரணத்தோடு, எழுத்தில் கேட்க வேண்டும். நேரம் கடந்த பிறகு கேட்பது பல இடங்களில் தாமத ஒப்படைப்பாகவே கொள்ளப்படும்; மதிப்பெண் குறையும். நீங்கள் விவரித்த பிழைக்கு நீட்டிப்பு தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

நாளை நண்பகலுக்குள் பிடிஎஃப் கோப்பை உருவாக்கிவிடுங்கள். பதிவேற்றும் முன் அந்தக் கோப்பையே திறந்து, குறித்து வைத்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தீவு என்று வரும் இடமெல்லாம் 30-உம் 17.8-உம் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். மேற்பார்வையாளரிடமிருந்து 4 மணிவரை பதில் வராவிட்டாலும் காத்திருக்காமல், திருத்திய பிரதியைப் பதிவேற்றி, பதிவேற்றிய செய்தியை அதே மின்னஞ்சலுக்குக் கீழே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.